20 நிமிடம், 35 கணக்கு

வங்கி கிளார்க் தேர்வின் முதல்நிலையில் கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 34 வினாடி வரும். அதற்குள் திரையில் இருப்பதைப் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்து, கணக்குப் போட்டு, ஆப்ஷனைத் தட்ட வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. தப்பாகத் தட்டினால் கால் மதிப்பெண் போகும். நேரம் முடிந்ததும் அந்தப் பகுதி தானாகவே மூடிக்கொள்ளும். அடுத்த பகுதியைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்ற கதையே இல்லை.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். செங்கோட்டை பாசஞ்சரில் திருநெல்வேலிக்குப் போய்வந்து படித்து, இந்தத் தேர்வு எழுதித்தான் வேலைக்கு வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அவர்கள் எல்லோருக்கும் சூத்திரம் தெரியும். சதவீதம், வட்டி, விகிதம், வேலையும் நேரமும் என்று எதைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே குறைதான்: "அண்ணே, எல்லாம் தெரியுது, நேரந்தான் பத்த மாட்டேங்குது."

வீரவநல்லூரிலிருந்து வரும் ஒரு பெண், போன மாதம் மாக் டெஸ்ட் எழுதிய ரஃப் தாளைக் கொண்டுவந்து காட்டியது. அதில் ஒரு கணக்கு: 840-இல் 35%, அதோடு 496-இல் 62.5% கூட்டி, 18-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். அந்தப் பெண் முதலில் கேள்வியை அப்படியே தாளில் எழுதியிருந்தது. பிறகு 840-க்குக் கீழே 35 எழுதிப் பெருக்கி, இரண்டு சைபரை அடித்திருந்தது. அதற்குக் கீழே 496-ஐ 625-ஆல் மூன்று வரிசை போட்டுப் பெருக்கி, புள்ளி எங்கே வைப்பது என்று எண்ணிப் பார்த்த அடையாளமாகச் சின்னச் சின்னக் கோடுகள். ஓரத்தில் 18-ஐ 18-ஆல் பெருக்கிய கணக்கு. கடைசியில் விடை 280. சரியான விடைதான். ஒரு படிகூடத் தப்பில்லை. ஆனால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தத் தாளைப் பார்த்து, எங்கே தப்பு என்று திருத்த ஒன்றுமே இல்லை. அதுதான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முறை எல்லா எண்ணுக்கும் பொருந்தும், ஆனால் பேனா நிறையக் கேட்கும். நேரம் போவது யோசிப்பதில் இல்லை; எழுதுவதில், வலமிருந்து இடமாக மிச்சம் ஏற்றிக்கொண்டே போவதில், திரைக்கும் தாளுக்கும் கண்ணை மாற்றி மாற்றி ஓட்டுவதில். மாக் டெஸ்ட் முடிந்ததும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ரஃப் தாளை எடுத்து, மேலும் கீழுமாக எழுதிப் போட்ட ஒவ்வொரு கணக்கையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடச் சொல்வேன். எத்தனை வட்டம் இருக்கிறதோ அத்தனை இடத்தில் நேரம் ஒழுகியிருக்கிறது. பெரும்பாலும் வட்டத்துக்குள் இருப்பது கடினமான கணக்காக இருக்காது. 478-உம் 356-உம் கூட்டியதாக இருக்கும்.

அதே கணக்கைப் பேனா இல்லாமல் எப்படிப் போடுவது என்பதற்கு எங்கள் ஊர் மளிகைக்கடையைத்தான் காட்டுவேன். தெக்கத்தி அண்ணாச்சி கடைகளில் இப்போது மின்தராசும் பில் மெஷினும் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சிக்குத் தராசு விலையைக் காட்டுவதற்குள் வாய் சொல்லிவிடும். பொரிகடலை கிலோ 84 ரூபாய் விற்ற சமயம் 350 கிராம் கேட்டேன். "காக்கிலோ இருவத்தொண்ணு, நூறு எட்டு நாப்பது... இருவத்தொம்பது நாப்பது. முப்பதாக் குடுடே, ஒரு கடலைமிட்டாய் எடுத்துக்கோ."

350 கிராம் என்பது கிலோவில் 35 சதவீதம். 84-இல் 35% என்பதை அவர் 25%, 10% என்று இரண்டாக உடைத்துக் கூட்டியிருக்கிறார். தேர்வில் வரும் 840-இல் 35% இதே கணக்குதான்: கால் பங்கு 210, பத்தில் ஒரு பங்கு 84, ஆக 294. அடுத்த துண்டு 62.5%. இதைச் சதவீதமாகப் பார்த்தால் பயமாக இருக்கும். எட்டில் ஐந்து என்று பார்த்தால் 496-ஐ எட்டால் வகுத்து 62, ஐந்தால் பெருக்கி 310. வர்க்கம் 324 மனப்பாடமாக இருக்க வேண்டியது. 294-உம் 310-உம் 604. அதில் 324 போக 280. தாளில் எழுதியிருக்க வேண்டியது 294 என்ற ஒரே எண். கொஞ்சம் பழகினால் அதுவும் வேண்டாம்.

சதவீதத்துக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான வழி கிடையாது. 10%, 5%, 1%, 25%, 50% இவற்றை எந்த எண்ணுக்கும் பார்த்தவுடன் சொல்ல முடியும். மற்றதெல்லாம் இவற்றின் கூட்டலும் கழித்தலும்தான். 17.5% என்றால் 10, 5, 2.5, ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. 45% என்றால் பாதியிலிருந்து 5% கழிக்கலாம். 19% என்றால் 20%-இலிருந்து 1%. எந்த எண்ணிலும் இது வேலை செய்யும், விதிவிலக்கு கிடையாது.

பின்னங்கள் மட்டும் மனப்பாடம் செய்தாக வேண்டும். ஆறில் ஒன்று 16.66, ஏழில் ஒன்று 14.28, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.11, பதினொன்றில் ஒன்று 9.09, பன்னிரண்டில் ஒன்று 8.33, பதினாறில் ஒன்று 6.25. இதை எங்கள் தாத்தாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். 12.5 என்றதும் "அரைக்கால்" என்றார், 6.25 என்றதும் "மாகாணி" என்றார். அவர் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் வாய்ப்பாடாகவே படித்தவர்கள். நாம் சதவீதமாகப் படிக்கிறோம், அவ்வளவுதான். பட்டியலை மேலிருந்து கீழே ஒப்பித்தால் பிரயோஜனம் இல்லை. 83.33 என்று பார்த்ததும் ஆறில் ஐந்து என்றும், 42.85 என்று பார்த்ததும் ஏழில் மூன்று என்றும் திருப்பிச் சொல்ல வர வேண்டும். தேர்வில் அந்தத் திசையில்தான் கேள்வி வரும்.

கூட்டல் கழித்தலுக்கும் அண்ணாச்சியே போதும். 287 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 500 ரூபாய்த் தாள் கொடுத்தால், அவர் 500-இலிருந்து 287-ஐக் கழிக்க மாட்டார். 287-க்கு மேலே 13 போட்டால் 300, அதற்கு மேலே 200 போட்டால் 500, ஆக 213 என்று எண்ணி வைப்பார். 623-இலிருந்து 287 என்றாலும் இதேதான்: 13, அப்புறம் 323, மொத்தம் 336. கடன் வாங்குவது என்ற பேச்சே இல்லை. கூட்டலில் பெரிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்: 478-உடன் 300 சேர்த்து 778, பிறகு 50 சேர்த்து 828, பிறகு 6 சேர்த்து 834. இப்படிச் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு. முதல் அடியிலேயே விடை எழுநூற்றுச் சொச்சம், எண்ணூற்றுச் சொச்சம் என்று தெரிந்துவிடுவதால், சில கேள்விகளில் ஆப்ஷனைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வலமிருந்து போனால் கடைசி வரைக்கும் போக வேண்டும்.

பெருக்கலுக்கு 47-ஐ 38-ஆல் எடுத்துக்கொள்வோம். 38-ஐ 40-ஆக்கி 1880. இரண்டு 47 கூடுதலாகப் போய்விட்டது, 94-ஐக் கழித்தால் 1786. அல்லது 40 முறை 38 என்று 1520, ஏழு முறை 38 என்று 266, கூட்டினால் 1786. எது கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். வர்க்கத்தில் 30 வரைக்கும் நேரடியாக மனப்பாடம். 50-ஐ ஒட்டிய எண்களுக்கு ஒரு வழி இருக்கிறது: 50-இலிருந்து எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கிறதோ அதை 25-உடன் கூட்டியோ கழித்தோ முன்னால் வைத்து, அதன் வர்க்கத்தை இரண்டு இலக்கமாகப் பின்னால் வைக்க வேண்டும். 47 என்றால் 22, 09, ஆக 2209. 56 என்றால் 31, 36, ஆக 3136. 41 முதல் 59 வரைக்கும் இது கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும்.

நான் வைத்திருக்கும் ஷார்ட்கட் இவ்வளவுதான். வீடியோக்களில் நூற்றுக்கணக்கில் வருகிறது. ஐந்தில் முடியும் எண், ஒரே இலக்கத்தில் தொடங்கி கடைசி இலக்கங்களின் கூடுதல் பத்தாக வரும் எண்கள், 11-ஆல் பெருக்க, 99-ஆல் பெருக்க என்று. ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வகை எண்ணுக்குத்தான் பொருந்தும். 34 வினாடியில் "இது அந்த வகையா, இந்த வகையா" என்று தேடுவதிலேயே பத்து வினாடி போய்விடும். அதனால் என்னிடம் ஒரு சல்லடை உண்டு. ஒன்று, அந்த வழி எல்லா எண்ணுக்கும் வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால், பொருந்துமா பொருந்தாதா என்பது எண்ணைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். இரண்டும் இல்லாததை வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

இனி தினப்படி பயிற்சி. காலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மனக்கணக்கில் மூளை சீக்கிரம் களைத்துவிடும். களைத்த பிறகு போடும் கணக்கில் தப்புதான் பழகும். முதல் மூன்று நிமிடம் சங்கிலிக் கூட்டல். ஏதோ ஒரு எண்ணில் தொடங்கி, 17 அல்லது 38 மாதிரி முரட்டு எண் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே 500-ஐத் தாண்டும்வரை போய், அதே எண்ணைக் கழித்துக்கொண்டே தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். சரியாக வந்து சேர்ந்தால் அநேகமாக நடுவில் தப்பில்லை, தனியாக விடை பார்க்க வேண்டியதில்லை. எண்ணை முழுப்பெயர் சொல்லி மனசுக்குள் உச்சரிக்காமல், கண்ணுக்கு முன்னால் இலக்கமாகப் பார்த்துப் பழக வேண்டும். "முந்நூற்று நாற்பத்தேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கூட்டல் முடிந்திருக்க வேண்டியது.

அடுத்து நாலைந்து நிமிடம் ஈரிலக்கப் பெருக்கல், 20 கணக்கு. இந்தக் கணக்குகளை முதல் நாள் ராத்திரியே எழுதி வைத்துவிட வேண்டும். நாமே யோசித்து எழுதினால் நமக்குப் பிடித்த எண்களாகவே வரும். 7-உம் 8-உம் குறைவாகவும் 5-உம் 0-உம் அதிகமாகவும் இருக்கும். செல்போனில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் ஒரு கட்டத்தில் `=RANDBETWEEN(12,99)` என்று போட்டுக் கீழே இழுத்தால் எண்கள் வந்துவிடும். பக்கத்துக் கட்டத்திலும் அதையே போட்டு, மூன்றாவது கட்டத்தில் பெருக்கல் விடையை வரவைக்கலாம். ஷீட்டில் எதை மாற்றினாலும் எண்கள் மாறிவிடும் என்பதால், வந்த எண்களையும் விடைகளையும் காப்பி செய்து மதிப்பாக மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டும். மீதி நிமிடங்கள் சதவீதத்துக்கும் பின்னத்துக்கும்.

விடையை எழுத மட்டுமே பேனா. நடுவில் ஒரு எண்கூட எழுதக் கூடாது. முடிந்ததும் இரண்டே விஷயத்தை நோட்டில் குறிக்க வேண்டும்: எவ்வளவு நேரம், எத்தனை தப்பு. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அந்த நோட்டுக்கு அர்த்தம். நேரம் குறைந்து தப்பு அப்படியே இருந்தால் முன்னேற்றம். நேரம் குறைந்து தப்பு கூடினால் அவசரம். 20-இல் இரண்டுக்கு மேல் தப்பு வந்தால் மறுநாள் கடிகாரத்தை எடுத்து வைத்துவிட்டு, நிதானமாக அதே அளவு கணக்கைப் போட வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு பயிற்சி உண்டு. எனக்கு அதிகம் கைகொடுத்தது அதுதான். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், ஈரடுக்கு மேம்பாலத்தைச் சுற்றியும் சுலோச்சன முதலியார் பாலத்திலும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஜன்னலுக்கு வெளியே TN 72, TN 76 என்று வரிசையாக நம்பர் பிளேட். கடைசி நாலு இலக்கத்தை இரண்டு இரண்டாக வெட்டிக்கொள்வேன். 4738 என்றால் 47, 38. கூடுதல் 85, வித்தியாசம் 9. ஆரம்பத்தில் இவ்வளவுதான், பெருக்கலுக்குள் அந்த வண்டி வண்ணார்பேட்டையைத் தாண்டிப் போயிருக்கும். பிறகு பழகப் பழக, பஸ் நகர்வதற்குள் 1786 வந்தது. நம்பர் பிளேட்டில் நமக்குப் பிடித்த எண்ணைப் பொறுக்க முடியாது, எழுதிப் பார்க்கவும் முடியாது, எதிரே நிற்பது நகர்ந்துவிடும் என்ற அவசரமும் இருக்கும். தேர்வு அறைக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பைக் ஓட்டிக்கொண்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள், பஸ்ஸிலோ பின்சீட்டிலோ இருக்கும்போதுதான்.

விடை சரிதானா என்று பார்க்கும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். இலக்கக் கூட்டுத்தொகை முறை எல்லோருக்கும் தெரியும். 47-இன் இலக்கங்களைக் கூட்டினால் 11, அதைக் கூட்டினால் 2. 38-க்கும் 2. பெருக்கினால் 4. விடை 1786-இன் இலக்கங்கள் 22, அதாவது 4. பொருந்துகிறது.

ஆனால் பொருந்தினால் விடை சரி என்று அர்த்தமில்லை. பொருந்தாவிட்டால் தப்பு என்று மட்டும்தான் அர்த்தம். 387-ஐ 64-ஆல் பெருக்கச் சொல்லி 24758, 24678, 24868, 24768 என்று நாலு ஆப்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 387-இன் கூட்டுத்தொகை 18, அதாவது 9. 9-ஐ எதால் பெருக்கினாலும் கூட்டுத்தொகை 9-தான், ஆகவே விடையின் கூட்டுத்தொகையும் 9-ஆக வர வேண்டும். 24758-க்கு 8, 24868-க்கு 1, இரண்டும் போய்விட்டன. மிச்சம் 24678-உம் 24768-உம். இரண்டுக்கும் 9 வருகிறது, இரண்டும் 8-இல் முடிகிறது. இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்த முறைக்குக் கண் தெரியாது. கேள்வி தயாரிக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? அப்போது கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 87-ஐ 64-ஆல் பெருக்கினால் 80 முறை 64 என்று 5120, ஏழு முறை 64 என்று 448, ஆக 5568. விடை 68-இல் முடிய வேண்டும். 24768.

சைபர் கூடினாலும் குறைந்தாலும், புள்ளி இடம் மாறினாலும்கூட இந்த முறை காட்டிக்கொடுக்காது. தோராயமாக விடை கேட்கும் கேள்விகளில் இதைத் தொடவே கூடாது. அங்கே 49.98%-ஐப் பாதி என்றும் 17.02-ஐ 17 என்றும் எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. ஆப்ஷன்கள் தள்ளித் தள்ளி இருப்பது அதற்காகத்தான்.

இத்தனையும் கை வந்த பிறகு ஒரு டி.ஐ. செட் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அட்டவணை, வட்டப்படம் கொடுத்து ஐந்து கேள்வி கேட்பார்களே, அது. ஞாயிறு வகுப்புக்காக நான் எழுதிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து கல்லூரிகளில் மொத்தம் 7,200 மாணவர்கள். முதல் கல்லூரியில் 18%, இரண்டாவதில் 22.5%, மூன்றாவதில் 12.5%, நாலாவதில் 30%, ஐந்தாவதில் 17%.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? கேள்வியைப் படிப்பதற்கு முன்னாலேயே ஐந்து கல்லூரிக்கும் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வரிசையாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 1296, 1620, 900, 2160, 1224. வேகமாகப் போட்டவர்களுக்கே ஒரு நிமிடம் ஆகிவிட்டது.

முதல் கேள்வி: இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் எவ்வளவு? 22.5-இலிருந்து 12.5 போனால் 10%. விடை 720. எந்த எண்ணிக்கையும் தேவைப்படவில்லை. இரண்டாவது கேள்வி: முதல் கல்லூரிக்கும் ஐந்தாவதுக்கும் சராசரி. 18-உம் 17-உம் சராசரி 17.5%. 720, 360, 180, கூட்டினால் 1260. மூன்றாவது: இரண்டாவது மூன்றாவது சேர்த்து, நாலாவது ஐந்தாவது சேர்த்து, இரண்டுக்கும் விகிதம். 35-க்கு 47. இங்கே 7,200 என்ற எண்ணே தேவையில்லை.

நாலாவது: ஐந்தாவது கல்லூரி இரண்டாவதில் எத்தனை சதவீதம்? 17-ஐ 22.5-ஆல் வகுக்க வேண்டும். புள்ளி தொந்தரவு செய்கிறது, இரண்டையும் இரட்டிப்பாக்கினால் 34-இன் கீழ் 45. ஒன்பதில் ஒன்று 11.11 என்றால் 45-இல் ஒன்று அதில் ஐந்தில் ஒரு பங்கு, 2.22. 34 முறை 2.22 என்றால் 75-ஐத் தாண்டிக் கொஞ்சம், ஆப்ஷனில் 75.55 இருக்கிறது, தட்டிவிட்டுப் போகலாம்.

ஐந்தாவது கேள்விக்கு மட்டும்தான் கல்லூரிவாரியாக எண்ணிக்கை தேவைப்படுகிறது. நாலாவது கல்லூரியில் ஆண் பெண் விகிதம் 7:5, மூன்றாவதில் 5:4. நாலாவதில் உள்ள பெண்கள் மூன்றாவதில் உள்ள பெண்களைவிட எத்தனை சதவீதம் அதிகம்? 7,200-இல் 30% என்பது 2160. 12 பங்காக்கினால் ஒரு பங்கு 180, பெண்கள் 900. 12.5% என்பது எட்டில் ஒன்று, 900. ஒன்பது பங்காக்கினால் பெண்கள் 400. கூடுதல் 500, அது 400-இல் 125%. தாளில் எழுத வேண்டியது 900, 400 இரண்டுதான்.

ஐந்து கேள்வியையும் இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கலாம். பெருக்கலில் வேகம் கூடியதால் மட்டும் அல்ல, பெருக்காமலே விடலாம் என்று தெரிந்ததாலும்தான். ஆனால் 22.5-உம் 12.5-உம் கண்ணில் பட்டவுடன் அவற்றின் வித்தியாசம் மனசில் தோன்றும் அளவுக்குப் பழக்கம் இருந்தால்தான் அது தெரியும். கைவேகம் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்தால்தான் தைரியம் வருகிறது. அந்த ஐந்து எண்ணிக்கையையும் எழுதிவைத்த பிள்ளைகளைக் கேட்டேன், ஏன் எழுதினீர்கள் என்று. "எழுதாட்டா கைகால் ஓடலைண்ணே" என்றான் ஒருவன்.

எண் தொடருக்கும் இதே கழித்தல் பழக்கம்தான் வேலை செய்யும். 12, 19, 33, 61, 117 என்று வந்தால் வித்தியாசங்கள் 7, 14, 28, 56. அடுத்தது 112, விடை 229. இதில் யோசனையே இல்லை. வித்தியாசத்தை எழுதாமல் பார்க்க முடிகிறதா என்பதுதான்.

பயிற்சியில் ஒரு கட்டத்தில் நேரம் குறையாமல் நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் போன பிறகு எல்லோருக்கும் வருகிறது. எனக்குத் தெரிந்து அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, வாய்ப்பாட்டில் ஓட்டை. நோட்டில் தப்பான கணக்குகளை மட்டும் தனியே எழுதிப் பார்த்தால் 7 முறை 8, 6 முறை 9, 12 முறை 13 என்று அதே இரண்டு மூன்று இடத்தில் தடுக்குவது தெரியும். முழு வாய்ப்பாட்டையும் திரும்பப் படிக்க வேண்டாம், அந்த இடங்களை மட்டும் அடைத்தால் போதும். இன்னொன்று, நடுவில் எழுதக் கூடாது என்ற விதியை நாமே அறியாமல் தளர்த்தியிருப்போம். ஓரத்தில் சின்னதாக ஒரு மிச்ச எண் எழுதும் பழக்கம் திரும்ப வந்திருக்கும். தாளைப் பார்த்தாலே தெரியும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதில் கணக்கும் திறனறிவும் 25 கேள்வி. நெகட்டிவ் மார்க் கிடையாது. பொதுத்தமிழைச் சீக்கிரம் முடிக்கிறவர்களுக்குக் கணக்குக்கு ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே கிடைக்கும். மீ.சி.ம., மீ.பெ.வ., தனிவட்டி, கூட்டுவட்டி என்று கேள்விகளும் வழி தெரிந்தால் போடக்கூடியவை. அவர்களுக்குச் சங்கிலிக் கூட்டலும் சதவீதம் உடைப்பதும் போதும். நம்பர் பிளேட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பதைவிட அந்த நேரத்தில் பழைய கேள்வித்தாள் ஒன்றைப் போடலாம்.

வங்கித் தேர்வுக்குப் போகிறவர்கள், தேர்வுக்கு முந்தின வாரம் புதிதாக எந்த ஷார்ட்கட்டும் படிக்க வேண்டாம். காலைப் பயிற்சியை மட்டும் தேர்வு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதியம் தேர்வு என்றால் சாப்பிட்ட பிறகு அந்தப் பத்து நிமிடம். தாளில் அல்லாமல் திரையில் வரும் எண்களைப் பார்த்துப் போடுங்கள். தேர்வு அறையில் ரஃப் தாள் கையில் வந்ததும் அதை நாலாக மடித்து, ஒரு கேள்விக்கு ஒரு மூலை என்று பாவித்தால், பாதியில் விட்ட கணக்குக்குத் திரும்பும்போது எந்த எண் எதற்கு என்று தேட வேண்டியிருக்காது.